வேலையில்லாதோர் விகிதம் குறைந்தால் வேலை பெருகிவிட்டதாக அர்த்தமா?

"வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்தது" என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தால், படிக்கிறவர் மனத்தில் என்ன தோன்றும்? இத்தனை பேருக்கு வேலை கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்காமலே அந்த விகிதம் பாதியாகக் குறைந்து போகலாம். வேலைகள் கூடிய மாதத்தில் அதே விகிதம் ஏறிப் போகவும் செய்யலாம்.

இதில் யாரும் தில்லுமுல்லு செய்வதில்லை. கணக்குப் போடுகிற முறையே அப்படி அமைந்திருக்கிறது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கை வாசகர்கள் தாங்களே போட்டுப் பார்த்து, செய்தியின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்று பிரிவுகள்

இந்தியாவில் இந்தக் கணக்கை எடுப்பது மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம். 2017-ம் ஆண்டு ஏப்ரலிலிருந்து இந்தக் கணக்கெடுப்பு தொடர்ந்து நடந்து வருகிறது. 2025-ம் ஆண்டிலிருந்து மாதா மாதம் முடிவுகளை வெளியிடுகிறார்கள். எல்லா வீட்டுக்கும் போவதில்லை. நாடு முழுவதும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்து எழுதிக்கொள்கிறார்கள்.

15 வயது நிறைந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள்.

முதல் பிரிவு, வேலையில் இருப்பவர்கள். மாதாந்தரக் கணக்கில் கேள்வி கடந்த ஏழு நாட்களைப் பற்றியது. அந்த ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். மாதச் சம்பளக்காரர், தினக்கூலி, இட்லிக் கடை நடத்துகிறவர் மட்டுமல்ல. அந்த இட்லிக் கடையில் சம்பளம் வாங்காமல் மாவு அரைத்துக் கொடுக்கும் மனைவியும் இதில் சேர்த்திதான்.

இரண்டாவது பிரிவு, வேலையில்லாதவர்கள். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யவில்லை. ஆனால் வேலை தேடினார், அல்லது தேடாவிட்டாலும் கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தார் என்றால் இந்தப் பிரிவில் வருவார்.

மூன்றாவது பிரிவு, இரண்டிலும் சேராதவர்கள். கல்லூரி மாணவர், வீட்டு வேலைகளை மட்டும் கவனிக்கும் பெண்கள், பென்ஷன்காரர், உடல் இயலாதவர் போன்றவர்கள்.

முதல் இரண்டு பிரிவையும் கூட்டினால் கிடைப்பது 'உழைப்போர் தொகை'. மூன்றாவது பிரிவு அதற்கு வெளியே நிற்கிறது. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

ஒரு சால் கணக்கு

பம்பாய்ப் பக்கத்தில் நாம் பார்க்கும் பெரிய சால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் கற்பனை செய்தது. அதில் மொத்தம் 1,050 பேர். 250 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். மீதி 800 பேர் கணக்கில் வருகிறவர்கள்.

இந்த 800 பேரில் 360 பேர் வேலையில் இருக்கிறார்கள். 40 பேர் வேலையில்லாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற 400 பேர் மூன்றாவது பிரிவு.

உழைப்போர் தொகை 360-ம் 40-ம் சேர்ந்து 400. வேலையில்லாதோர் விகிதம் வேண்டுமானால் 40-ஐ 400-ஆல் வகுக்க வேண்டும். 10 சதவிகிதம் வருகிறது. பலர் தவறுவது இங்கேதான். 40-ஐச் சாலின் மொத்த ஜனத்தொகையான 1,050-ஆல் வகுத்து, 4 சதவிகிதம்கூட இல்லை என்பார்கள். வேறு சிலர் 800-ஆல் வகுத்து 5 சதவிகிதம் என்பார்கள். இரண்டும் தப்பு. வேலைக்கே வராத மாணவரையும் முதியவரையும் சேர்த்து வகுத்தால், வேலைக்கு வந்து நிற்பவர்களில் எத்தனை பேர் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்பது தெரியாது.

அடுத்தது பங்கேற்பு விகிதம். 15 வயது நிறைந்தவர்களில் எத்தனை பேர் வேலைக்களத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வது இது. உழைப்போர் தொகையான 400-ஐ 800-ஆல் வகுத்தால் 50 சதவிகிதம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. வேலையில் இருக்கும் 360 பேரை 800-ஆல் வகுத்தால் 45 சதவிகிதம். இதை வேலையுள்ளோர் விகிதம் என்று சொல்லலாம். பத்திரிகைத் தலைப்பில் இது அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் மற்ற இரண்டும் கண்ணைக் கட்டும்போது வழிகாட்டுவது இதுதான்.

வரிசையை விட்டு விலகினால்?

ஆறு மாதம் கழிகிறது. சாலில் ஒருவருக்கும் புது வேலை கிடைக்கவில்லை. ஒருவருக்கும் வேலை போகவுமில்லை. ஆனால் தேடிக்கொண்டிருந்த 40 பேரில் 20 பேர் அலைந்து அலைந்து ஓய்ந்துவிட்டார்கள். பஸ் காசு செலவானதுதான் மிச்சம். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். யாராவது கேட்டால், "இனி வேலைக்குப் போகிற எண்ணமே இல்லை" என்கிறார்கள்.

இப்போது மறுபடி கணக்கெடுக்கிறார்கள். வேலையில் இருப்பவர் அதே 360. வேலையில்லாதவர் 20. உழைப்போர் தொகை 380. விகிதம் 20-ஐ 380-ஆல் வகுத்தால் 5.3 சதவிகிதம்.

10 சதவிகிதமாக இருந்தது 5.3 ஆகிவிட்டது! தலைப்பில் "வேலையில்லாத் திண்டாட்டம் பாதியாகக் குறைந்தது" என்று போட்டால் அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வீட்டிலாவது அடுப்பு கூடுதலாக எரிந்ததா? இல்லை.

ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காலையில் நாற்பது பேர் நின்ற வரிசை, மதியம் இருபதாகக் குறைந்திருக்கும். டிக்கெட் கிடைத்துப் போனவர்களாலும் வரிசை குறையும். காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துவிட்டு "இன்று கிடைக்காது" என்று திரும்பியவர்களாலும் குறையும். வரிசையின் நீளத்தை மட்டும் அளந்தால் எது நடந்தது என்று தெரியாது. கொடுத்த டிக்கெட்டை எண்ண வேண்டும்.

நம் சாலில் அந்த உண்மையைக் காட்டிக் கொடுப்பவை மற்ற இரண்டு விகிதங்கள். பங்கேற்பு விகிதம் 50-லிருந்து 47.5 ஆக இறங்கிவிட்டது. ஆட்கள் களத்தை விட்டே வெளியேறியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. வேலையுள்ளோர் விகிதம் 45-லேயே அசையாமல் நிற்கிறது. ஒரு வேலைகூடக் கூடவில்லை என்று அது சொல்கிறது.

இப்படி மனம் தளர்ந்து ஒதுங்கியவர்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமானால், மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் சேர்க்க வேண்டும். மேலே 20-ம் 20-ம் 40. கீழே 380-ம் 20-ம் 400. மறுபடி பழைய 10 சதவிகிதம் வந்துவிடும். மேலே மட்டும் சேர்த்து 40-ஐ 380-ஆல் வகுத்தால் 10.5 என்று தவறாக வரும். வேலையில்லாதவர் என்று ஒருவரைச் சேர்க்கும்போதே அவர் உழைப்போர் தொகையிலும் சேர்ந்துவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது.

வேலை வந்ததும் விகிதம் ஏறும்

இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. பக்கத்தில் ஒரு பட்டறை திறக்கப் போவதாகச் செய்தி பரவுகிறது. ஒதுங்கியிருந்த 20 பேரும் மறுபடி புறப்படுகிறார்கள். அதுவரை வீட்டோடு இருந்த இன்னும் 10 பேரும் "போய்த்தான் பார்ப்போமே" என்று கிளம்புகிறார்கள். பட்டறையில் 10 பேருக்கு இடம் கிடைக்கிறது.

வேலையில் இருப்பவர் இப்போது 370. ஏற்கெனவே தேடிய 20 பேரோடு புதிதாக வந்த 30 பேரைச் சேர்த்தால் 50; அதில் 10 பேருக்கு வேலை கிடைத்தது போக வேலையில்லாதவர் 40. உழைப்போர் தொகை 410. விகிதம் 9.8 சதவிகிதம்.

5.3-லிருந்து 9.8-க்கு ஏறிவிட்டது. "திண்டாட்டம் பெருகியது" என்று தலைப்பு வரும். உண்மையில் பத்து வீட்டுக்குச் சம்பளம் வந்திருக்கிறது. முப்பது பேருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. வேலையுள்ளோர் விகிதம் 45-லிருந்து 46.3 ஆக ஏறியிருப்பதைப் பார்த்தால்தான் இது புரியும்.

2025-ல் நடந்தது

சால் கணக்கு கற்பனை. இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2025-ம் ஆண்டு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதங்களின் அரசு விவரம் இதோ. எல்லாம் 15 வயது நிறைந்தவர்களைப் பற்றியது.

ஏப்ரலில் பங்கேற்பு விகிதம் 55.6, வேலையுள்ளோர் விகிதம் 52.8, வேலையில்லாதோர் விகிதம் 5.1.
மே மாதத்தில் 54.8, 51.7, 5.6.
ஜூனில் 54.2, 51.2, 5.6.

இதை 1,000 பேர் கணக்காக மாற்றினால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரலில் ஆயிரத்துக்கு 556 பேர் களத்தில் இருந்தார்கள். அதில் 528 பேருக்கு வேலை இருந்தது. வித்தியாசம் 28 பேர் வேலையில்லாதவர். மே மாதத்தில் களத்தில் 548, வேலையில் 517, வேலையில்லாதவர் 31.

ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் இடையே வேலையில் இருப்பவர் 11 பேர் குறைந்தார்கள். ஆனால் வேலையில்லாதவர் தொகை மூன்றுதான் கூடியது. மீதி எட்டுப் பேர் எங்கே? களத்தைவிட்டு மூன்றாவது பிரிவுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் உழைப்போர் தொகை 556-லிருந்து 548 ஆயிற்று. இது ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்து எண்ணியது அல்ல. வருவோரும் போவோரும் கழிந்து நிற்கும் நிகரக் கணக்கு.

ஜூன் இன்னும் பாடம் புகட்டும். வேலையில்லாதோர் விகிதம் 5.6-லேயே நின்றது. தலைப்பை மட்டும் படித்தவர் "மாற்றம் இல்லை" என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார். ஆனால் ஆயிரத்துக்கு 517 பேர் வேலையில் இருந்தது 512 ஆகிவிட்டது. களத்தில் இருந்தவர் 548-லிருந்து 542. வேலையும் சுருங்கியது, தேடுகிற கூட்டமும் சுருங்கியது; இரண்டும் சேர்ந்து சுருங்கியதால் விகிதம் அசையவில்லை.

(இந்த எண்களை வைத்து நீங்களே வகுத்துப் பார்த்தால் தசமத்தில் ஒரு புள்ளி கூடக் குறைய வரும். வெளியிடும்போது தசமத்தை ஓரிடத்தோடு நிறுத்திவிடுவதே காரணம்.)

போனவர்கள் எல்லாரும் மனம் தளர்ந்தவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ராபி அறுவடை முடிந்ததும் வயல் வேலை ஓய்வதையும், கடும் வெயிலையும் புள்ளியியல் அமைச்சகம் காரணமாகக் காட்டியது. கிராமத்துப் பெண்களிடையே சரிவு கண்டது. அறுவடைக்குக் கைகொடுத்த பெண் வீட்டு வேலைக்குத் திரும்பினால், அவர் சோர்ந்து போனார் என்று அர்த்தமில்லை. பருவம் முடிந்தது, அவ்வளவுதான். பங்கேற்பு விகிதம் இறங்கினால், ஏன் என்று விசாரிக்க வேண்டும் என்பதுதான் அது தரும் எச்சரிக்கை. காரணத்தை அதுவே சொல்லிவிடாது. படிக்கப் போனவரும், ஓய்வு பெற்றவரும், ஓய்ந்து போனவரும் அந்த விகிதத்துக்கு ஒன்றுதான்.

ஒரு கேள்வியில் மாறும் கணக்கு

மனம் தளர்ந்தவர் எந்தப் பிரிவில் விழுவார் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் விதி கடுமையானது. கடந்த நான்கு வாரத்துக்குள் வேலை தேடி ஏதாவது முயற்சி செய்திருக்க வேண்டும். தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி முயற்சி செய்யாதவர் வேலையில்லாதவர் அல்ல. உழைப்போர் தொகைக்கே வெளியே. அவர்களில் வேலை வேண்டும் என்கிறவராய், செய்யத் தயாராய், கடந்த 12 மாதத்துக்குள் ஒரு தடவையாவது தேடியவராய், "எனக்கு வேலை இல்லை என்று தெரிந்ததால் நிறுத்தினேன்" என்று சொல்கிறவர்களை மட்டும் மனம் தளர்ந்தவர்கள் என்று தனியாக எண்ணுகிறார்கள். அவர்களை மேலும் கீழும் சேர்த்து இன்னொரு விகிதத்தையும் மாதா மாதம் வெளியிடுகிறார்கள்.

நம் நாட்டில் விதி கொஞ்சம் இளகியது. தேடாவிட்டாலும் "கிடைத்தால் செய்வேன்" என்றால் போதும், வேலையில்லாதவர் பட்டியலிலேயே இருப்பார். வாரக் கணக்கில் தேடியவருக்கு 81 என்றும், தேடாமல் தயாராக இருந்தவருக்கு 82 என்றும் குறியீடு போடுகிறார்கள். ஆகவே நம் சாலில் ஒதுங்கிய 20 பேரும் "கிடைத்தால் போவேன்" என்று சொல்லியிருந்தால், விகிதம் 5.3 ஆகியிருக்காது, 10-லேயே இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் பதில் கேள்வியில் தொங்குகிறது. கணக்கெடுப்பாளர் வரும்போது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் ஒருவர்தான் எல்லாருக்கும் பதில் சொல்கிறார். இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள்.

"அம்மா, உங்கள் மகன் என்ன செய்கிறார்?"

"என்னத்தைச் சொல்ல தம்பி, சும்மாதான் இருக்கான்."

இத்தோடு நின்றால் அந்தப் பையன் 97 என்ற 'மற்றவர்' குறியீட்டில் போய்ச் சேரலாம். அடுத்த கேள்வியையும் கேட்டால்?

"வேலை கிடைத்தால் போவாரா அம்மா?"

"கிடைச்சா நாளைக்கே போவான். கிடைக்கணுமே!"

இப்போது அவன் 82. வேலையில்லாதவர் தொகையில் ஒன்று கூடிவிட்டது.

பெண்கள் விஷயத்தில் நழுவுவது இன்னும் எளிது. தையல் கம்பெனியில் வேலை பார்த்த பெண், கம்பெனி மூடியபின் இரண்டு மாதம் தேடிவிட்டு வீட்டோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "மகள் என்ன செய்கிறாள்?" என்று கேட்டால், "வீட்டைப் பார்த்துக்கிறா" என்ற பதில் இயல்பாக வந்துவிடும். அது பொய்யும் அல்ல. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கான 92 குறியீடு விழுந்துவிடும். அதே நிலையில் உள்ள ஆணைப் பற்றி யாரும் "வீட்டைப் பார்த்துக்கொள்கிறான்" என்று சொல்வதில்லை. ஆகவே வேலை இழந்த ஆண் கணக்கில் நிற்க, வேலை இழந்த பெண் மறைந்துவிடுகிறாள்.

நம் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போக விருப்பமுள்ளவர் என்றால், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஊருக்கு ரயிலேறியவர்கள்

வெளி மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஒதுங்கிய 20 பேர் சாலில் தங்காமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ ரயிலேறிவிட்டால்?

அப்போது சாலில் 15 வயது நிறைந்தவர் 780. வேலையில் 360. வேலையில்லாதவர் 20. வேலையில்லாதோர் விகிதம் அதே 5.3. ஆனால் வேலையுள்ளோர் விகிதம் 360-ஐ 780-ஆல் வகுத்தால் 46.2. முன்பு 45-ஆக இருந்தது கூடிவிட்டது! இத்தனை நேரம் நாம் நம்பிய வழிகாட்டியும் இங்கே ஏமாற்றிவிடும். வேலை ஒன்றும் கூடவில்லை. வகுக்கிற எண் குறைந்துவிட்டது.

2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது மே 1-ந் தேதி முதல் ஓடிய ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் சொந்த மாநிலம் திரும்பினார்கள். அப்படி ஒரு கூட்டம் நகரத்தைவிட்டுப் போகும்போது, நகரத்தின் வேலையில்லாதவரில் ஒரு பகுதியும் கூடவே போய்விடுகிறது. ஊரில் தகப்பனாரின் வயலில் சம்பளமின்றி இறங்கி நின்றால், அங்கே அவர் "வேலையில் இருப்பவர்" ஆகிவிடுகிறார். நகரத்திலும் வேலையில்லாதவர் இல்லை, கிராமத்திலும் இல்லை. ஆகவே ஒரு நகரத்தின் விகிதத்தைப் படிக்கும்போது, சதவிகிதத்தோடு நிற்காமல், வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த மாத விவரம் வரும்போது

அரசின் மாதாந்தர அறிக்கையில் மூன்று விகிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேலையில்லாதோர் விகிதம் இறங்கி, வேலையுள்ளோர் விகிதம் ஏறியிருந்தால் உண்மையிலேயே வேலை கூடியிருக்கிறது. வேலையில்லாதோர் விகிதமும் இறங்கி, பங்கேற்பு விகிதமும் இறங்கி, வேலையுள்ளோர் விகிதம் நின்றோ சரிந்தோ இருந்தால், வரிசை கலைந்திருக்கிறது என்று அர்த்தம். வேலையில்லாதோர் விகிதம் ஏறி, மற்ற இரண்டும் ஏறியிருந்தால், ஒதுங்கியவர்கள் மறுபடி தேடப் புறப்பட்டிருக்கிறார்கள்.

இது சில வீடுகளை மட்டும் விசாரித்து எடுக்கும் கணக்கு என்பதால், 0.1, 0.2 வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பருவத்தால் ஏறி இறங்குவதும் உண்டு. ஆகவே இந்த ஜூனைப் போன மே மாதத்தோடு மட்டும் ஒப்பிடாமல், போன வருஷ ஜூனோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம். வாரக் கணக்கை வாரக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு வருஷம் முழுவதையும் பார்த்துச் சொல்லும் ஆண்டுக் கணக்கில் வேலையில்லாதோர் விகிதம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "குறைந்தது" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.